வில்லை 4: நம் ஆறு கடைகளும் வடகிழக்கில் உள்ள இடைவெளியும்

[வில்லையில் உள்ளது]

தலைப்பு: வடகிழக்கில் நமக்குக் கடை இல்லை, ஆனால் நம் வேன் தினமும் அந்த வழியாகப் போகிறது

குறி விளக்கம் (இடது கீழ் மூலை, கடல் பகுதி):
● நிரப்பிய சிவப்பு ஊசி – இப்போது நடக்கும் கடை
○ உள்ளே வெற்றான ஊசி – யோசனையில் உள்ள கடை
■ கருப்புச் சதுரம் – இட்லி மாவு அரைக்கும் கூடம்
┄ சாம்பல் கோடு – கிழக்கு வேன் போகும் வழி

ஊசிகளின் பெயர்: 3 பிடோக் · 4 தெம்பனிஸ் · 5 ஜூரோங் ஈஸ்ட் · 6 உட்லண்ட்ஸ் · 7 செங்காங் (வெற்று ஊசி) · ■ செனோக்கோ

வட்டத்துக்குள் பெரிதாக்கிய தேக்கா: 1 சிராங்கூன் சாலை · 2 கேம்பல் லேன்

அடிக்குறிப்பு: அடித்தள வரைபடம் ஒன்மேப். முகவரி, தொலைபேசி எண், கடை நேரம் கையில் கொடுத்த தாளில்.

[பேசுவதற்கான குறிப்பு, ஏறக்குறைய 3 நிமிடம்]

அப்பா, சித்தப்பா, கடைகளைப் பார்த்துக்கொள்ளும் எல்லாருக்கும் வணக்கம். போன வருடம் இதே இடத்தில் ஒரு வரைபடம் காட்டினேன். ஒவ்வொரு கடைக்கும் படம், முகவரி, ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, எம்ஆர்டி பாதைகள் ஐந்தாறு நிறத்தில். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதில் சிங்கப்பூர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த முறை தீவின் வெளிக்கோடு மட்டும் வெளிர் சாம்பலில், அதன்மேல் ஏழு ஊசி, ஒரு சதுரம், ஒரு கோடு. அவ்வளவுதான்.

முதலில் தேக்காவைப் பாருங்கள். சிராங்கூன் சாலைக் கடைக்கும் கேம்பல் லேன் கடைக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான். முழுத் தீவு தெரியும் படத்தில் இரண்டு ஊசியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே கடை மாதிரி ஆகிவிடும். தள்ளி வைத்தால் ஒரு கடை ரோச்சோரில் போய் நிற்கும். அதனால் அந்தப் பகுதியை மட்டும் வட்டத்துக்குள் பெரிதாக்கி, தெற்கே காலியாக இருக்கும் கடலில் வைத்திருக்கிறேன். ஊசி நுனி படும் இடம்தான் கடை, தலை இருக்கும் இடம் அல்ல.

நம் கடை பிரிண்டர் கறுப்பு வெள்ளை என்பதையும் மறக்கவில்லை. சிவப்பு, பச்சை என்று பிரித்திருந்தால் தாளில் இரண்டும் ஒரே சாம்பலாக வந்திருக்கும். நிரப்பிய ஊசி, வெற்று ஊசி என்றால் எதில் அச்சடித்தாலும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

(சாம்பல் கோட்டைக் காட்டவும். இரண்டு நொடி பேச வேண்டாம்.)

மாவு செனோக்கோவில் அரைத்து, விடியுமுன் வேனில் ஏறுகிறது. கிழக்கு வேன் சிலேத்தார் விரைவுச்சாலையில் போய், தெம்பனிஸ் விரைவுச்சாலையைப் பிடித்து, நான்காவது கடையில் இறக்கிவிட்டு பிடோக் போகிறது. இந்தக் கோட்டில் பாதி வழியில் என்ன இருக்கிறது? தெற்கே செங்காங், வடக்கே பொங்கோல். வீவக அடுக்குமாடிகளும் சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்களும் நிறைந்த வட்டாரம். அவற்றின் நடுவே நம் வேன் நிற்காமல் போகிறது. இட்லி மாவு வாங்க அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறவர்களை ஒன்றாம் கடையில் அக்கா முகம் பார்த்தே சொல்லுவார்.

ஜூரோங் ஈஸ்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செனோக்கோவிலிருந்து தனியாக ஒரு வேன் அந்த ஒரு கடைக்காகவே தீவின் மறுபக்கம் போகிறது. வழியில் நெரிசலில் அரைமணி கூடுதலாக நின்றால் இந்த வெயிலில் பாக்கெட் பந்துபோல் உப்பிவிடும், அன்றைக்குத் திருப்பி எடுக்க வேண்டியதுதான். அந்தக் கடையை மூடச் சொல்லவில்லை. ஆனால் மேற்கில் இன்னொன்று திறக்கலாம் என்று போன மாதம் பேசினோமே, அதற்கு முன் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம். செங்காங்கில் திறந்தால் கூடுதல் வேன் வேண்டாம். இருக்கிற வேனுக்கு ஒரு நிறுத்தம் மட்டும் சேரும்.

உட்லண்ட்ஸ் ஊசியும் சதுரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அங்கே சொல்ல ஒன்றுமில்லை.

வெற்று ஊசி குறிப்பிட்ட கடைவீட்டையோ புளோக்கையோ குறிக்கவில்லை. செங்காங் எம்ஆர்டி பக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை விவரம் அடுத்த வில்லையில் வருகிறது. அதற்கு முன் அப்பா, உங்களிடம் ஒரு கேள்வி: செங்காங்கில் இடம் பார்க்க ஆரம்பிக்கலாமா?