கல்லட்டி ரோட்டை மனப்பாடம் செய்த டிரைவர்

1/ ‘தேயிலை நோயை எங்க ஆப் 99 சதவீதம் சரியாச் சொல்லும்’ என்று யாராவது வந்தால், எந்தப் படங்களை வைத்துச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். ஏன் என்பதற்குத்தான் இந்தத் திரெட். விஷயத்தின் பெயர் ஓவர்ஃபிட்டிங், அதாவது கற்றுக்கொள்ளாமல் மனப்பாடம் செய்வது.

2/ ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒருவர் அங்கே மட்டுமே ஓட்டிப் பழகுகிறார். ‘12வது வளைவா, கற்பூர மரம் தாண்டினதும் முழுசா ஒடி’ என்று அத்தனையும் மனப்பாடம். அதே ரோட்டில் டெஸ்ட் வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவார்.

3/ அவரையே குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கச் சொல்லுங்கள். அந்த மரம் இங்கே இல்லை. வளைவு எவ்வளவு இறுக்கம், எந்த கியரில் இறங்கினால் பிரேக் சூடாகாது, ஏறி வரும் பஸ்ஸுக்கு எங்கே ஒதுங்குவது, இதெல்லாம் அவர் கற்கவே இல்லை. மரத்தை வெட்டிவிட்டால் கல்லட்டியிலேயே திணறுவார்!

4/ ஆப்புக்குள் இருந்து படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் புரோகிராமான மாடலும் இப்படித்தான். கொப்புள நோய் வந்த இலை 500, நல்ல இலை 500 என்று ஆயிரம் படம் கொடுக்கிறோம். ஒரே படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினால், கொப்புளத்தை விட்டுவிட்டு ஓரத்தில் தெரியும் விரலையும் பனித்துளியையும்கூட நினைவில் வைத்துக்கொள்ளும். படம் குறைவாகவும் மாடல் பெரிதாகவும் இருந்தால் இது இன்னும் மோசம்.

5/ கண்டுபிடிக்க வழி: 700 படத்தில் பயிற்சி, 150 சரிபார்ப்புக்கு, 150 கடைசி டெஸ்ட்டுக்கு. பயிற்சிப் படங்கள் அத்தனையையும் ஒருமுறை காட்டி முடிப்பது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் முதல் இரண்டின் பிழையையும் பாருங்கள். பயிற்சிப் பிழை இறங்கிக்கொண்டே இருக்கும். சரிபார்ப்புப் பிழை இறங்கி, ஒரு கட்டத்தில் திரும்ப ஏறத் தொடங்கும். கற்றல் மனப்பாடமாக மாறுவது அங்கேதான். பயிற்சியை நிறுத்திவிட்டு, பிழை மிகக் குறைவாக இருந்த சுற்றின் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள்.

6/ பலர் சறுக்குவது படங்களைப் பிரிக்கும்போது. ஒரே செடியை அடுத்தடுத்து எடுத்த பத்துப் படத்தில் எட்டு பயிற்சிக்கும் இரண்டு டெஸ்ட்டுக்கும் போனால், அது கல்லட்டியிலேயே வைத்த டெஸ்ட். தோட்டம் தோட்டமாகப் பிரியுங்கள். கோத்தகிரிப் படத்தில் பயிற்சி என்றால் கூடலூர்ப் படத்தில் டெஸ்ட்.

7/ இன்னொன்று. கொப்புள நோய் மழைக்காலத்தில்தான் அதிகம். நோய் இலையை ஜூலை மூட்டத்திலும் நல்ல இலையை பிப்ரவரி வெயிலிலும் எடுத்திருந்தால், மங்கலான படமெல்லாம் நோய் என்று மாடல் முடிவு கட்டிவிடும். டெஸ்ட் படங்களும் அப்படியே எடுத்தவை என்றால் குட்டு வெளிப்படாது. இரண்டு வகை இலையையும் இரண்டு சீசனிலும் எடுக்க வேண்டும். வேலைதான், வேறு வழியில்லை.

8/ அந்தக் கடைசி 150 படத்தை ஒரே ஒரு முறைதான் தொடலாம். மார்க் குறைகிறதே என்று மாடலைத் திருத்தி மறுபடி அதிலேயே சோதித்தால், அதுவும் பயிற்சிப் படமாகிவிட்டது. புது டெஸ்ட்டுக்குப் புதுப் படம் எடுக்கத் தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான்.