பாக்கியம் பாட்டி சொல்லாத எடை

மரகதம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“ஏய் தேனு, என்னடி இது? கதவை ரெண்டு பக்கமும் திறந்தாத்தான் உள்ளே வருவே போலிருக்கே!”

கூடத்தில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த தேன்மொழியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவை இழுத்து வயிற்றின் மேல் விட்டுக்கொண்டாள். மரகதம் அதற்குள் அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். சின்ன மருமகளுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, பெரியவனுக்குத் தொப்பை முன்னால் வந்து நின்றது, யாரோ ஒரு பையனுக்குச் சட்டைக்குள் ஆளே இல்லை. வருடத்தில் ஒருநாள் எல்லோரும் கூடுகிற வீட்டில் இந்த வரிசை எப்போதும் உண்டு. யாருக்கும் அது தப்பாகத் தெரிந்ததில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்குப் பதிலாக இதைத்தான் சொல்லிப் பழகியிருந்தார்கள்.

“அண்ணி, நீங்களே சொல்லுங்க. போன தடவைக்கு இப்ப எத்தனை கிலோ ஏறியிருப்பா?”

மரகதம் பாக்கியத்திடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பாக்கியம் பாட்டி பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெறும்வரை அவர் எடை போட்ட குழந்தைகளுக்குக் கணக்கில்லை. துணியோடு ஒரு பிள்ளையைக் கையில் வாங்கினாலே எடை தெரிந்துவிடும், முள் காட்டுவதற்கும் அவர் சொல்வதற்கும் அம்பது கிராம்கூட வித்தியாசம் இருக்காது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் பெருமை. பேரப்பிள்ளைகள் எல்லோருடைய பிறந்த எடையும் அவருக்கு மனப்பாடம். தேன்மொழி 3.1 கிலோ. வசந்தாவின் மகன் கார்த்திக் 2.3, குறைமாதம். அப்படிப்பட்ட கண்ணும் கையும் உள்ளவர் தீர்ப்புச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

பாட்டி மரகதத்தின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. தேன்மொழியின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ராத்திரி உன்னைத் தூங்க விடறானா?”

“எங்க பாட்டி? மூணு தடவை எழுந்திருக்கிறான்.”

“பகல்ல அவன் தூங்கும்போது நீயும் படு. பாத்திரம் கிடந்தா கிடக்கட்டும்.”

“அண்ணி, நான் கேட்டதுக்குப் பதில் வரலையே” என்றாள் மரகதம்.

“வராது மரகதம். நீ உட்காரு, வெயில்ல வந்திருக்கே.”

குரலில் கோபம் இல்லை. அதனால் மரகதத்துக்கும் அது மறுப்பாகத் தெரியவில்லை. வயதானவருக்குக் காது சரியில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, சாப்பாட்டுப் பந்தியில் மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை கார்த்திக்கைக் காட்டி.

“இவனைப் பாருங்க அண்ணி. ஹாஸ்டலுக்குப் போகும்போது உருண்டையா போனான். இப்ப எப்படி ஆயிட்டான்! நீ போய்க் கத்துக்கோ தேனு, இவன்கிட்ட.”

பந்தி முழுக்கக் கார்த்திக்கின் பக்கம் திரும்பியது. சித்தப்பா அவன் தோளைத் தட்டினார். ஜிம்முக்குப் போகிறாயா, என்ன டயட், ஒருவேளைதான் சாப்பிடுகிறாயா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் அம்மா வசந்தாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “நான் ஒண்ணுமே சொல்லலை, தானாவே குறைச்சிருக்கான்” என்றாள். கார்த்திக் தலையைக் குனிந்து சிரித்தான். ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொன்னான். அடக்கமாகப் பேசுகிறான் என்று அதற்கும் பாராட்டு விழுந்தது.

“சொல்லுங்க அண்ணி, பத்து கிலோ இறங்கியிருக்க மாட்டான்?”

பாட்டி கார்த்திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இலைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். காலையிலிருந்து அது காலியாவதும் நிரம்புவதுமாக இருந்தது. பெல்ட்டில் கத்தியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தான். ஓரம் பிசிறாக இருந்தது.

“சாப்பிடுங்க எல்லாரும்” என்றார் பாட்டி. “ஆறிப்போகுது.”

சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் சாய்ந்திருந்த நேரத்தில் பெரிய மகன் சுந்தரம் அம்மாவின் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் தேன்மொழியின் அப்பா. மரகதத்தைப் போல விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மகளைப் பற்றி உண்மையிலேயே கவலை அவருக்கு. அந்தக் கவலையை மதிக்கத்தான் வேண்டும்.

“அம்மா, நீங்க ஒரு வார்த்தை தேனுகிட்ட சொல்லணும். நாங்க சொன்னா கோவிச்சுக்கறா. நீங்க சொன்னா கேப்பா. இந்த வயசுல இவ்வளவு எடை நல்லதில்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் என்னம்மா? மரகதம் அத்தை கேட்டப்பவே நீங்க சொல்லியிருக்கலாம். எல்லார் முன்னாடியும் சொன்னாத்தான் உறைக்கும்.”

பாட்டி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஜன்னல் பக்கத்தில் தேன்மொழி பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தாள். தூங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொண்டே இருந்தாள், கேட்காதவள் மாதிரி.

“வார்டுல எடை எப்படிப் போடுவேன் தெரியுமா சுந்தரம்? முதல்ல தொட்டியில வெறும் துணியைப் போட்டு முள்ளைச் சைபருக்குக் கொண்டுவரணும். இல்லைன்னா துணியோட எடையும் பிள்ளைமேல ஏறிடும். அப்புறம் பிள்ளையை வைக்கணும். அது காலை உதைக்கும், முள் ஆடும். ஒரு நிமிஷம் கையைக் காத்துல வெச்சுக்கிட்டு நிப்பேன், தொடாம. அது அடங்கினப்புறம் படிச்சு நோட்டுல எழுதுவேன். எழுதிட்டுத் தாய்கிட்டப் போய்க் குனிஞ்சு சொல்லுவேன். அவகிட்ட மட்டும்.”

“சரிம்மா…”

“கேளு. வாசல்ல அவ மாமியார், நாத்தனார், பக்கத்துக் கட்டில்காரி எல்லாரும் நிப்பாங்க. நர்ஸம்மா, எத்தனை எத்தனைன்னு கேப்பாங்க. ஆரம்பத்துல ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தாங்க, நடுவுல நின்னு சத்தமாச் சொல்லிடுவாங்க. பிறந்து ரெண்டு மூணு நாள்ல எந்தப் பிள்ளைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். பத்துல ஒரு பங்கு வரைக்கும்கூட இறங்கும். ரெண்டு வாரத்துல திரும்பி வந்துடும். அது அந்தக் கூட்டத்துக்குத் தெரியுமா? இறங்கிடுச்சுன்னு காதுல விழுந்ததும், பால் பத்தலை, இவளுக்குப் பாலே இல்லைன்னு ஆரம்பிப்பாங்க. அந்தப் பொண்ணு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கும். அன்னிக்கு முழுக்கப் பிள்ளையை எடுக்கவே பயப்படும். எடுக்காட்டிப் பால் எப்படி ஊறும்?”

சுந்தரம் ஒன்றும் சொல்லவில்லை.

“எடை நோட்டுல எழுதுற விஷயம்டா. கூடத்துல கத்துற விஷயம் இல்லை. தேனு என்கிட்ட வந்து, பாட்டி எனக்கு மூச்சு வாங்குது, முட்டி வலிக்குதுன்னு கேட்டா நான் உட்கார்ந்து பேசுவேன். அவ கேக்கட்டும். அவளுக்குக் கண்ணாடி இல்லையா? அவ உடம்பு அவளுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறே?”

“நீங்க இப்படிச் சொல்லாம விட்டா யார்தான் சொல்றது?”

“காலையிலேருந்து ஒம்பது பேர் சொல்லியாச்சு. நானும் சொன்னா பத்தாகும்.”

சுந்தரத்துக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். தேன்மொழி பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, பாட்டியின் கட்டிலில் வந்து கால்மாட்டில் சுருண்டு படுத்தாள். படுத்த வேகத்தில் தூங்கியும் போனாள். பாட்டி தன் போர்வையை அவள்மேல் இழுத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் கார்த்திக் மறுபடி பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பாட்டி மெல்ல எழுந்து பின்னாலேயே போனார். அவன் பாட்டிலை நிரப்பி, நின்ற இடத்திலேயே பாதியைக் குடித்துவிட்டு மறுபடி குழாயைத் திறந்தான்.

“ரொம்பத் தாகமா இருக்கா கண்ணு?”

“ஆமா பாட்டி. வெயில்தானே.”

“ராத்திரியிலயுமா?”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போக எழுந்திருக்கிற?”

“நாலு, அஞ்சு. ரூம்ல பசங்க கிண்டல் பண்றாங்க.” கொஞ்சம் நின்று சொன்னான். “கண்ணுகூட சில நேரம் மங்கலாத் தெரியுது. போர்டு தெரியலை. கண்ணாடி போடணும்னு நினைச்சேன்.”

“எவ்வளவு நாளா?”

“ஒரு மாசம் இருக்கும். பாட்டி, நான் நிஜமாவே டயட் எதுவும் பண்ணலை. நல்லாத்தான் சாப்பிடறேன். இன்னும் அதிகமாவே சாப்பிடறேன். அம்மா சந்தோஷப்படறாங்களேன்னு பேசாம இருந்துட்டேன்.”

பாட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்த்தாரா, சும்மா பிடித்தாரா என்பது அவனுக்குத் தெரியவில்லை. பிடித்தபடியே அவனைக் கூடத்துக்குக் கூட்டி வந்தார். வசந்தாவைத் தட்டி எழுப்பாமல், மருமகனைத்தான் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை, வண்டி எடுங்க. இவனுக்கு ரத்தத்துல சர்க்கரை பார்க்கணும். இப்பவே.”

“நாளைக்குக் காலையில வெறும் வயித்துல…”

“வெறும் வயிறு வேண்டாம். இப்பப் பார்த்தாலே தெரியும். லேப் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்கே போங்க. யூரினும் பார்க்கச் சொல்லுங்க. தாகம், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறான், கண்ணு மங்கலுன்னு டாக்டர்கிட்ட அப்படியே சொல்லணும்.”

இதற்குள் வசந்தா விழித்துவிட்டாள். “என்னம்மா, நல்லாத்தானே இருக்கான்? சின்னப் பையனுக்குச் சர்க்கரையா?” என்றாள். மரகதமும் எழுந்து உட்கார்ந்து, அண்ணி வீணாகப் பயமுறுத்துகிறார் என்றாள். பாட்டி ரெண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை. வண்டி கிளம்புகிறவரை வாசலில் நின்றார்.

எட்டு மணிக்கு வசந்தா போனில் அழுதாள். சர்க்கரை 412. யூரினில் கீட்டோன் இருக்கிறது, வார்டில் சேர்த்து இன்சுலின் ஏற்றுகிறார்கள். கணையத்தில் இன்சுலின் சுரப்பது நின்றுபோகிற டைப் 1 வகையாக இருக்கும் என்றும், சாப்பிட்டது உடம்பில் சேராமல் கொழுப்பும் தசையும் கரைந்திருக்கிறது என்றும் டாக்டர் சொன்னாராம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் மயக்கத்தில்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்றாராம். தாங்கமுடியாமல் வசந்தா கேட்டாள்:

“அவன் இளைச்சதை வெச்சுத்தானேம்மா கண்டுபிடிச்சீங்க? பந்தியிலேயே தெரிஞ்சிருக்குமே உங்களுக்கு. அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?”

“இளைச்சதை எல்லாரும்தான் பார்த்தீங்க வசந்தா. அது போதலை, கேக்க வேண்டியிருந்துச்சு.” பாட்டியின் குரல் லேசாக நடுங்கியது. “அழாதே. இன்சுலின் போட்டா நல்லா இருப்பான், படிப்பான், வேலைக்குப் போவான். ஊசி எப்படிப் போடறதுன்னு நர்ஸ் சொல்லித்தருவாங்க. நீயும் கத்துக்கோ, அவனையே போட விடு. உடம்பு ஏறுச்சா இறங்குச்சான்னு தினம் பார்த்துக்கிட்டு நிக்காதே. இப்ப அவன்கிட்டப் போனைக் குடு.”