மகளிர் தின வாழ்த்து: எங்கள் பனியன் கம்பெனியின் கைதேர்ந்தவர்களுக்கு

திருப்பூரில் மார்ச் 8 என்றால் ஆளுக்கொரு ரோஜாப்பூ, ஒரு லட்டு, ஒரு குரூப் போட்டோ. எங்களிடமும் லட்டு உண்டு. ஆனால் தாய்மை, தியாகம், பொறுமை என்று இங்கே எழுதப் போவதில்லை. யாருக்கு என்ன வேலை தெரியும் என்பதைச் சொல்கிறோம்.

செல்வி அக்கா, ஓவர்லாக். சிங்கிள் ஜெர்சி துணியை வெட்டியதுமே ஓரம் சுருண்டுகொள்ளும். அதை விரலால் நீவிக்கொண்டே மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் இழுத்துவிட்டாலும் தையல் அலையலையாக நிற்கும். கழுத்துப் பட்டி வைப்பது இன்னும் கஷ்டம்: ரிப்பை அளவாக இழுக்க வேண்டும், உடம்புத் துணியை இழுக்கவே கூடாது, இரண்டும் ஒரே ஓட்டத்தில் முடிய வேண்டும். புது ஸ்டைல் எது வந்தாலும் சாம்பிள் முதலில் போவது அக்காவின் மெஷினுக்குத்தான்.

நூர்ஜஹான், பிளாட்லாக். லூப்பரில் நூல் விடுபட்டால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். மெக்கானிக் வருவதற்குள் நூல் கோத்து, டென்ஷன் சரிபார்த்து, ஓட்டிக்கொண்டிருப்பார். ஊசி முறிந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வந்த பிறகுதான் புது ஊசி. நாம் தைப்பது குழந்தைகளின் உடுப்பு. அந்த விதியைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான்.

பேச்சியம்மாள், செக்கிங். உடம்பும் ரிப்பும் வேறு வேறு சாய லாட்டில் வந்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரே நிறமாகத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் பீஸை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்ப்பார். "இது ஆகாதுங்க" என்று அவர் சொன்னால் லைன் நிற்கும். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது அப்படிச் சொல்லத் தைரியமும் வேண்டும். அவசரப்படுத்துகிற எங்களிடமே சொல்கிறாரே!

ஒடிசாவிலிருந்து வந்த சஸ்மிதா கைமடிப்பவராகச் சேர்ந்து, டீ இடைவேளையில் பவர் மெஷினில் பழகி, இப்போது கை ஏற்றுகிறார். தமிழும் அப்படித்தான் கற்றார், வசவு உட்பட.

ஜோதியும் காஞ்சனாவும் கைமடிப்பவர்கள். சைஸ், பண்டல் நம்பர் மாறாமல் டெய்லர் கைக்குப் பீஸ் எடுத்துக் கொடுப்பவர்கள். எம் சைஸ் உடம்பில் எல் சைஸ் கை ஏறினால் பிரித்துத் தைக்க எவ்வளவு நேரம் என்று டெய்லர்களைக் கேளுங்கள். இந்த வேலையை 'சும்மா ஹெல்பர்' என்று சொல்லும் பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. பிசிறு வெட்டுவோர், அயர்ன், பேக்கிங் அக்காமார்களுக்கும் இதே மதிப்புதான்.

வரும் சனிக்கிழமைச் சம்பளத்திலிருந்து சம்பளச் சீட்டில் 'ஹெல்பர்' என்று இருக்காது. தெரிந்த வேலையும் அதற்கான தரமும் இருக்கும், தரத்துக்கேற்ற கூலியும். ஒரு மெஷின் கூடுதலாகக் கற்றால் தரம் ஏறும். செய்துகாட்டினால் போதும், பரீட்சை கிடையாது. தரம் பார்க்க செல்வி அக்காவும் பேச்சியம்மாளும் உட்காருவார்கள்.

இன்று மாலை 4 மணிக்கு மெஷின்கள் நிற்கும். டீ, போண்டா, லட்டு. நிற்கும் நேரத்துக்கும் கூலி உண்டு. முன்பு இங்கே வேலை பார்த்தவர்களும் பிள்ளைகளோடு வாங்க.