உயிர்மெய் எழுத்துக் கட்டம்

முதல் வகுப்பில் பல ஆண்டுகள் எழுத்துக் கற்பித்த நான், ஆறு வயதுப் பேரனுக்காக இந்தக் கட்டத்தை எழுதியிருக்கிறேன். உயிர் பன்னிரண்டையும் மெய் பதினெட்டையும் அவன் தடுமாறாமல் சொல்கிறான். அவை இரண்டும் சேர்ந்து பிறக்கும் எழுத்துகளில்தான் திணறுகிறான். ஆகவே, இதைச் சுவரில் அவன் கண் மட்டத்தில் ஒட்டி, மாலையில் அவனருகே அமர்ந்து படிக்க வைப்பவருக்குத் தேவையான விளக்கத்தையும் இதே தாளில் சேர்த்துள்ளேன்.

மேல் விளிம்பில் இருப்பவை உயிர் எழுத்துகள். இடது ஓரத்தில் புள்ளியோடு இருப்பவை மெய் எழுத்துகள். குறுக்கே செல்வதை வரிசை என்றும், கீழே இறங்குவதை நிரல் என்றும் சொல்லிப் பழக்குங்கள்.

| | அ | ஆ | இ | ஈ | உ | ஊ | எ | ஏ | ஐ | ஒ | ஓ | ஔ |
|---|---|---|---|---|---|---|---|---|---|---|---|---|
| க் | க | கா | கி | கீ | கு | கூ | கெ | கே | கை | கொ | கோ | கௌ |
| ங் | ங | ஙா | ஙி | ஙீ | ஙு | ஙூ | ஙெ | ஙே | ஙை | ஙொ | ஙோ | ஙௌ |
| ச் | ச | சா | சி | சீ | சு | சூ | செ | சே | சை | சொ | சோ | சௌ |
| ஞ் | ஞ | ஞா | ஞி | ஞீ | ஞு | ஞூ | ஞெ | ஞே | ஞை | ஞொ | ஞோ | ஞௌ |
| ட் | ட | டா | டி | டீ | டு | டூ | டெ | டே | டை | டொ | டோ | டௌ |
| ண் | ண | ணா | ணி | ணீ | ணு | ணூ | ணெ | ணே | ணை | ணொ | ணோ | ணௌ |
| த் | த | தா | தி | தீ | து | தூ | தெ | தே | தை | தொ | தோ | தௌ |
| ந் | ந | நா | நி | நீ | நு | நூ | நெ | நே | நை | நொ | நோ | நௌ |
| ப் | ப | பா | பி | பீ | பு | பூ | பெ | பே | பை | பொ | போ | பௌ |
| ம் | ம | மா | மி | மீ | மு | மூ | மெ | மே | மை | மொ | மோ | மௌ |
| ய் | ய | யா | யி | யீ | யு | யூ | யெ | யே | யை | யொ | யோ | யௌ |
| ர் | ர | ரா | ரி | ரீ | ரு | ரூ | ரெ | ரே | ரை | ரொ | ரோ | ரௌ |
| ல் | ல | லா | லி | லீ | லு | லூ | லெ | லே | லை | லொ | லோ | லௌ |
| வ் | வ | வா | வி | வீ | வு | வூ | வெ | வே | வை | வொ | வோ | வௌ |
| ழ் | ழ | ழா | ழி | ழீ | ழு | ழூ | ழெ | ழே | ழை | ழொ | ழோ | ழௌ |
| ள் | ள | ளா | ளி | ளீ | ளு | ளூ | ளெ | ளே | ளை | ளொ | ளோ | ளௌ |
| ற் | ற | றா | றி | றீ | று | றூ | றெ | றே | றை | றொ | றோ | றௌ |
| ன் | ன | னா | னி | னீ | னு | னூ | னெ | னே | னை | னொ | னோ | னௌ |

இடது கைச் சுட்டுவிரலை ஒரு மெய்யின்மீதும், வலது கைச் சுட்டுவிரலை ஓர் உயிரின்மீதும் வைக்கச் சொல்லுங்கள். இடது விரல் குறுக்கே நகர, வலது விரல் கீழே இறங்க, இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் உள்ளதே அவை சேர்ந்து பிறந்த எழுத்து. விரல்கள் நகரும்போதே வாயும் சொல்ல வேண்டும்: இக், ஆ, கா, இம், ஈ, மீ. மெய்யைத் தனியாக ஒலிப்பது குழந்தைக்குக் கடினம் என்பதால்தான் முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு வைத்து 'இக்', 'இம்' என்கிறோம்; சேர்த்துச் சொல்லும்போது அந்த இகரம் மறைந்துவிட வேண்டும். அதை விடாமல் 'இக்கா' என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. இரண்டு நாளில் சரியாகிவிடும், திட்ட வேண்டாம்.

கட்டத்தில் 216 எழுத்துகள் இருக்கின்றன. அந்த எண்ணைக் கேட்டால் பெரியவர்களுக்கே மலைப்பாக இருக்கும், ஆனால் 216 வடிவங்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அகர நிரலில் புதிதாக எதுவும் சேர்வதில்லை. மெய்யின் தலையிலிருந்த புள்ளி போய்விடுகிறது, அவ்வளவுதான். 'க்' புள்ளியை இழந்தால் 'க'. இப்படியே 18 எழுத்துகள் கைக்கு வந்துவிடும். ஆ, இ, ஈ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஒன்பது நிரல்களிலும் ஒரு நிரலுக்கு ஒரே குறிதான், அது எந்த மெய்யோடு சேர்ந்தாலும் மாறுவதில்லை. ஆகவே குறிகளை மட்டும் அறிந்துகொண்டால் 162 எழுத்துகள் வந்துவிடுகின்றன. எஞ்சியவை உகர, ஊகார நிரல்களிலுள்ள 36 எழுத்துகள். உழைப்பு முழுவதும் அங்கேதான் தேவை.

முதலில் எளியவற்றைப் பார்ப்போம். ஆகாரத்துக்குத் துணைக்கால் எழுத்தின் பின்னால் நிற்கும்: கா, மா, பா. இகரத்துக்கு எழுத்தின்மேல் வளைந்த விலங்கு: கி, மி. ஈகாரத்துக்கு அதே விலங்கின் நுனியில் ஒரு சுழி: கீ, மீ. டகரத்தோடு சேரும்போது மட்டும் இவ்விரண்டும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு டி, டீ என்று வருவதைச் சுட்டிக்காட்டுங்கள். துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு உடன்பிறந்தவை போல் இருக்கும். ரகரத்தின் அடியில் சாய்ந்த ஒரு சிறு கோடு உண்டு, துணைக்காலுக்கு அது கிடையாது.

எ, ஏ, ஐ நிரல்களின் குறிகள் எழுத்துக்கு முன்னால் வருகின்றன: கெ என்பதில் ஒற்றைக்கொம்பு, கே என்பதில் இரட்டைக்கொம்பு, கை என்பதில் இணைக்கொம்பு. போன வாரம் பேரன் 'தேன்' என்று எழுத உட்கார்ந்தான். தகரத்தை எழுதிவிட்டு அதன் பின்னால் கொம்பை வைத்தான், பிறகு னகரத்துக்குப் புள்ளியும் வைத்து முடித்தான். தவறு என்றதும், "சத்தம் பின்னாடிதானே வருது பாட்டி, கொம்பு மட்டும் ஏன் முன்னாடி வருது?" என்று கேட்டான். கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காதில் கேட்கும் வரிசை வேறு, கை எழுதும் வரிசை வேறு என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான் என்று பாராட்டிவிட்டு, 'கொம்பு முதலில், உடல் பிறகு' என்று சொல்லிக்கொண்டே பத்து முறை எழுத வைத்தேன்.

ஒகர, ஓகார நிரல்களில் புதுக் குறியே இல்லை. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் எழுத்தை இருபுறமும் அணைத்து நின்றால் கொ. இரட்டைக்கொம்பும் துணைக்காலும் நின்றால் கோ. ஔகாரத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் ளகரம் போலவே தோன்றும் ஒரு குறி. அது எழுத்தன்று, குறி. 'கௌ' என்பதைக் 'கெள' என்று பிரித்துப் படித்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நிரல் சொற்களில் மிகக் குறைவாகவே பயன்படுகிறது. வௌவால், கௌதாரி, பௌர்ணமி ஆகிய மூன்று சொற்களோடு இப்போதைக்கு விட்டுவிடலாம்.

உகர நிரலை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் கற்பிக்க வேண்டாம். எழுத்துகள் எப்படி முடிகின்றன என்று பார்த்துக் குடும்பங்களாகப் பிரித்துக் கொடுத்தால் குழந்தைக்கு எளிது. ஙு, சு, பு, யு, வு ஆகிய ஐந்திலும் ஒரு கோடு நேராகக் கீழே இறங்குகிறது. டு, மு, ரு, ழு, ளு ஆகிய ஐந்திலும் கோடு வளைந்து திரும்புகிறது. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகிய ஏழிலும் கோடு அடியில் மடங்கி, பிறகு வலப்புறம் ஏறி நிற்கிறது. 'கு' எவரோடும் சேராமல் தனியாக நிற்கிறது. ஒரு நாளுக்கு ஒரு குடும்பம் போதும். அவன் இன்னும் வேண்டும் என்று கேட்டாலும் நிறுத்திவிடுங்கள், மறுநாள் ஆசையோடு வருவான்.

ஊகார நிரலிலும் இந்தக் குடும்பங்கள் ஏறத்தாழ அப்படியே தொடர்கின்றன. ஞூ, ணூ, தூ, நூ, லூ, றூ, னூ என்னும் ஏழும் உகர வடிவத்தின் பின்னால் துணைக்கால் வைத்தவை போல் தோன்றும். டூ, மூ, ரூ, ழூ, ளூ ஆகியவற்றில் வளைந்த கோடு ஒரு சுழியோடு முடியும். ஙூ, பூ, யூ, வூ ஆகியவற்றில் இறங்கிய கோட்டோடு ஒரு சுழிப்புச் சேரும். கூ, சூ இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பழக வேண்டும்.

ஙகர வரிசை முழுவதையும் ஒருமுறை படித்தால் போதும். 'அங்ஙனம்' போன்ற ஓரிரு சொற்களில் ஙகரம் வருவதைத் தவிர, அந்த வரிசையின் மற்ற எழுத்துகளுக்குச் சொற்களில் வேலையில்லை. வரிசை முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அவற்றை எழுதியிருக்கிறேன். ஆய்த எழுத்தாகிய ஃ எந்த உயிரோடும் சேராதாகையால் அதற்குக் கட்டத்தில் இடமில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216 ஆகியவற்றோடு ஆய்தம் ஒன்றையும் சேர்த்துத் தமிழ் எழுத்துகள் 247.

வீட்டிலுள்ள பழைய புத்தகங்களில் ணா, றா, னா, லை, னை போன்ற சில எழுத்துகள் இந்தக் கட்டத்தில் உள்ளதுபோல் இல்லாமல் வேறு வடிவத்தில் இருக்கும். 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகே இன்றைய வடிவங்கள் பொது வழக்குக்கு வந்தன. நானே சில வேளைகளில் பழக்கத்தில் லகர ஐகாரத்துக்குத் தும்பிக்கை போட்டுவிடுகிறேன். பேரன் பார்த்துவிட்டால் கட்டத்தில் உள்ளபடி எழுதச் சொல்லி என்னைத் திருத்துகிறான்.

குறிலும் நெடிலும் அடுத்தடுத்து நிற்பதால் இரண்டையும் இணையாகப் படிக்க வையுங்கள். குறிலுக்கு ஒருமுறை கை தட்டினால் நெடிலுக்கு அதைப்போல் இருமடங்கு நேரம் ஒலியை நீட்ட வேண்டும். நீளம் மாறினால் பொருளே மாறிவிடும் என்பதைச் சொற்களால் காட்டலாம்: படம், பாடம், முடி, மூடி, மெல், மேல், கொடி, கோடி. ஐகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் குறில் இணை இல்லை.

ஒலியில் நெருங்கியவற்றை ஒரே நாளில் கற்பிக்காதீர்கள். ண மூன்று சுழி, ன இரண்டு சுழி என்று எண்ணிப் பார்த்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியும். தகரத்துக்கு அடுத்து நிற்கும் நகரத்தைத் தந்நகரம் என்றே சொல்லுங்கள். ல, ள, ழ மூன்றையும் நீங்கள் ஒலிப்பதைக் கேட்டுத்தான் குழந்தை பழகும் என்பதால், உங்கள் ழகரத்தை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அவனுக்கான வேலை. கீழ்க்காணும் ஒவ்வொரு சொல்லையும் நீங்கள் சொல்ல வேண்டும். அதிலுள்ள உயிர்மெய் எழுத்துகளை அவன் கட்டத்தில் தேடி, ஒவ்வொன்றின்மீதும் ஒரு பொத்தானை வைக்க வேண்டும். புள்ளி வைத்த எழுத்து வந்தால் அதற்கு இடது ஓரத்தைத் தொட்டால் போதும்.

மாடு, கிளி, மீன், நூல்.
பூனை, தேன், கோழி, பை.
நெல், கொக்கு, யானை, வௌவால்.

'கொக்கு' என்னும் சொல்லுக்குக் ககர வரிசையிலேயே இரண்டு பொத்தான்கள் விழுவதையும், நடுவிலுள்ள 'க்' இடது ஓரத்தில் நிற்பதையும் அவனாகவே கண்டு சொல்லும்வரை காத்திருங்கள்.