ஜெனரேட்டர் டீசல், ஓட்ட நேரப் பதிவேடு: மே 2025

ராமமூர்த்தி நகர், பெங்களூரு. 72 வீடுகள்
ஜெனரேட்டர்: 125 கேவிஏ. டேங்க்: 250 லிட்டர். பேரல்: 200 லிட்டர், ஒன்று.
டிப் ஸ்டிக்கில் 1 செ.மீ. = 4 லிட்டர்.

எழுதும் முறை

கரண்ட் போன நேரம், வந்த நேரம், ஹவர் மீட்டர், டிப், ஆம்ப்ஸ். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இவை ஐந்தும் வேண்டும். ஆம்ப்ஸை மட்டும் ஓடும்போதே பார்த்துவிடுங்கள். ஜெனரேட்டர் நின்று பத்து நிமிடம் கழித்து டிப் பாருங்கள். உடனே பார்த்தால் நுரையோடு இருக்கும், அளவு பொய் சொல்லும். திங்கள், வெள்ளி காலை 7 மணிக்கு ஜெனரேட்டர் ஓடாவிட்டாலும் டிப் பார்க்க வேண்டும். அளவு மாறவில்லை என்றால் காலண்டரில் ஒரு டிக் போதும், மாறியிருந்தால் இங்கே எழுதுங்கள். தெரியாததை யோசித்து நிரப்ப வேண்டாம், ஒரு கோடு போட்டு விடுங்கள்.

மே 1, தொடக்கம்: மீட்டர் 2412.6. டிப் 50 (200 லி.). பேரல் முழுசு.

2, வெள்ளி. பெஸ்காம் லைன் வேலை, முன்பே சொல்லியிருந்தார்கள். கரண்ட் இல்லாதது 10.05–12.35. மீட்டர் 2412.6 – 2415.1 (2.5 மணி). டிப் 50 – 41, 36 லி. மணிக்கு 14.4. ஆம்ப்ஸ் 78.

5, திங்கள். வாராந்திர சோதனை ஓட்டம். மீட்டர் 2415.3 (0.2). டிப்பில் தெரியவில்லை.

7, புதன். 19.10–20.40. மீட்டர் 2416.8 (1.5). டிப் 41 – 35.5, 22 லி. மணிக்கு 14.7. ஆம்ப்ஸ் 84.

11, ஞாயிறு இரவு. கரண்ட் போனது 23.20, வந்தது 00.30. ஜெனரேட்டர் நின்றது 12ஆம் தேதி 05.50. மீட்டர் 2423.3 (6.5). டிப் 35.5 – 22, 54 லி. மணிக்கு 8.3. ஆம்ப்ஸ் 28.
*குறிப்பு:* கரண்ட் இல்லாதது 1 மணி 10 நிமிடம்தான், ஓடியது ஆறரை மணி. 9ஆம் தேதி பேட்டரி டெர்மினலை முறுக்கியபோது பேனலை மேனுவலில் வைத்தது அப்படியே இருந்திருக்கிறது. இரவு கையால் ஸ்டார்ட் செய்தார்கள். கரண்ட் வந்ததும் தானாக நிற்கவில்லை. வீட்டில் விளக்கு எரிந்ததால் யாருக்கும் தெரியவில்லை. 5.3 மணி நேரம், சுமார் 44 லிட்டர் வீண். மணிக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்திருந்தால் இந்த மாதத்திலேயே சிக்கனமான ஓட்டம் இதுதான் என்று தோன்றும்! இரவில் லோடு குறைவு, அதனால் டீசலும் மெதுவாக இறங்கும். கரண்ட் வந்த நேரத்தைச் செக்யூரிட்டி எழுதி வைத்ததால்தான் பிடிபட்டது; அவருக்கு நன்றி. இனி பேனலில் கை வைப்பவர் யாராக இருந்தாலும், கிளம்பும்போது சுவிட்ச் ஆட்டோவில் இருப்பதைச் செக்யூரிட்டியிடம் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

12, திங்கள். டீசல் வரவு, பில் 150 லி. டிப் 22 – 58.5, அதாவது 146 லி. அரை செ.மீ. முன்னே பின்னே ஆனாலே இந்த 4 லிட்டர் வித்தியாசம் வரும், அதனால் ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த முறையும் இதே பக்கம் குறைந்தால் கேட்க வேண்டும்.

13, செவ்வாய். 15.02–17.20. மீட்டர் 2425.6 (2.3). டிப் 58.5 – 50, 34 லி. மணிக்கு 14.8. ஆம்ப்ஸ் 82.

16, வெள்ளி காலை. ஓடவில்லை, மீட்டர் அதே 2425.6. டிப் 50இலிருந்து 47. 12 லிட்டர் காணோம்.
*குறிப்பு:* டேங்குக்கு அடியில் இருக்கும் வடிகால் திருகு முழுதாக மூடவில்லை. கீழே கொட்டியிருந்த மணல் கருத்து ஈரமாக இருந்தது, அதனால் சொட்டு விழுவது கண்ணில் படவில்லை. எலக்ட்ரீஷியன் வாஷர் மாற்றி இறுக்கினார். மணலை அள்ளிவிட்டு வெள்ளைத் தட்டு வைத்திருக்கிறோம். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும்.

18, ஞாயிறு இரவு. பெருமழை. கரண்ட் இல்லாதது 21.40 முதல் 19ஆம் தேதி 08.10 வரை. மீட்டர் 2436.1 (10.5). டிப் 47 – 15.5, 126 லி. மணிக்கு 12. ஆம்ப்ஸ் 62.
*குறிப்பு:* பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறியதால் பம்ப் இரவு முழுக்க ஓடியது, ஒரு லிஃப்டை நிறுத்திவிட்டோம். நேர்மையான செலவு இது. ஆனால் காலையில் டேங்கில் 62 லிட்டர்தான் மிச்சம், இன்னும் ஐந்து மணி நேரம்தான் தாங்கியிருக்கும். ரோட்டில் தண்ணீர் நின்றதால் டீசல் வண்டி வர முடியாது என்று சொல்லிவிட்டது. பேரலிலிருந்து 160 லி. டேங்குக்கு மாற்றினோம், டிப் 55.5.

20, செவ்வாய். டீசல் வரவு, பில் 160 லி., பேரலுக்கு. பேரல் முழுசு.

24, சனி. 18.30–20.30. மீட்டர் 2438.1 (2.0). டிப் 55.5 – 47, 34 லி. மணிக்கு 17. ஆம்ப்ஸ் 84. புகை கறுப்பு.
*குறிப்பு:* 7ஆம் தேதியும் இதே 84 ஆம்ப்ஸ்தான், அன்று 14.7. லோடு மாறாமல் டீசல் மட்டும் கூடினால் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும்.

26, திங்கள். சர்வீஸ். பக்கத்து மனையில் கட்டட வேலைத் தூசி, ஏர் ஃபில்டர் அடைத்திருந்தது. புதிது போட்டாகிவிட்டது. லோடோடு அரை மணி சோதனை: மீட்டர் 2438.6, டிப் 47 – 45, 8 லி. அரை மணி ஓட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

29, வியாழன். 11.00–14.00. மீட்டர் 2441.6 (3.0). டிப் 45 – 34, 44 லி. மணிக்கு 14.7. ஆம்ப்ஸ் 83. சரியாகிவிட்டது.

மாதக் கணக்கு

ஓடியது 29 மணி. கரண்ட் இல்லாத நேரம் 23, சோதனை 0.7, வீண் 5.3. மீட்டரோடு சரியாக ஒத்துப்போகிறது.

டேங்கில் இருந்து இறங்கியது 370 லி.; எஞ்சின் குடித்தது 358, கசிந்தது 12. சராசரி மணிக்கு 12.3. மூன்று இடத்தில் வீணானது: மேனுவல் சுவிட்ச் 44, கசிவு 12, ஃபில்டர் சுமார் 5. மொத்தம் 61 லி., பில் விலை 91 ரூபாய்க்கு 5,551 ரூபாய். வாங்கியது 310 லி., 28,210 ரூபாய். திருட்டு என்று சொல்ல ஓர் இடத்திலும் இடமில்லை. குழுவில் பேச்சு வந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

ஜூன் நிரப்பும் திட்டம்

இதுவரை டிப் 20 வந்தால் வாங்கினோம். 18ஆம் தேதி ராத்திரி பார்த்த பிறகு அது போதாது. ஒரு மழை இரவுக்கு 126 லிட்டர் வேண்டும், மறுநாள் வண்டியும் வராது. மழைக்காலம் முடியும் வரை கோடு 35 செ.மீ., அதாவது 140 லிட்டர். டிப் ஸ்டிக்கில் சிவப்பு டேப் சுற்றியாகிவிட்டது. இப்போது 34இல் இருக்கிறோம், 2ஆம் தேதிக்கு 100 லி. சொல்லியிருக்கிறது. 59க்கு மேல் நிரப்ப வேண்டாம்.

பேரல் அவசரத்துக்கு மட்டும் என்று மாதக்கணக்கில் கிடக்கக்கூடாது, அடியில் தண்ணீர் சேரும். மாதம் ஒரு முறை பேரலை டேங்குக்கு மாற்றி, பேரலில் புதிது நிரப்பவும். இன்னும் இரண்டு பேரல் வாங்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். உரிமம் இல்லாமல் டீசல் வைக்க மொத்தம் 2,500 லிட்டர் வரை சட்டத்தில் இடம் உண்டு, ஆனாலும் நம் ஜெனரேட்டர் ரூமில் காற்றோட்டம் அதற்குப் போதாது. வேண்டாம்.

எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டியது மீட்டர் 2450இல். இன்னும் 8.4 மணிதான், ஒரே மழை இரவில் தீர்ந்துவிடும். ஆயிலும் ஃபில்டரும் இந்த வாரமே வாங்கி ரூமில் வைக்கவும்.

ஜூன் 1, தொடக்கம்: மீட்டர் 2441.6. டிப் 34 (136 லி.). பேரல் முழுசு. சுவிட்ச் ஆட்டோ.