இன்னொரு ஜோசியரிடம் ஏன் காட்டுகிறோம் என்றால்

கும்பகோணம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். "ஒருத்தர் பொருந்தலைன்னு சொல்லியாச்சு, பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பீங்களா?" என்று நேற்று போனில் கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்தார், பேச முடியவில்லை.

நம்ம ஜோசியர் சொன்னது இதுதான். உனக்கு மிருகசீரிடம், பெண்ணுக்குச் சித்திரை. இரண்டும் சிரசு ரஜ்ஜு, ஒன்றுக்கொன்று வேதையும் இருக்கிறது. நீ தேவ கணம், அவள் ராட்சச கணம். மற்றதை விட்டாலும் ரஜ்ஜுவை விட முடியாது என்று நோட்டை மூடிவிட்டார். சிரசு ரஜ்ஜு புருஷனுக்கு ஆகாது என்பார்கள். உன் அத்தைக்கு ரஜ்ஜு பார்க்காமல் முடித்தார்கள், மூன்றாம் வருஷமே மாமா போய்விட்டார். அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தங்கையை அந்த நிலையில் பார்த்த மனுஷன் அப்பா. அன்று ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை. அவரிடம் போய் "இதையெல்லாம் விடுங்க" என்று எப்படிச் சொல்வேன்?

அப்புறம் பெண்ணின் ஜாதக நகலை எடுத்து நானே உட்கார்ந்து பார்த்தேன். கட்டத்துக்குக் கீழே, "செவ்வாய் தசை இருப்பு 6 வருஷம் 10 மாதம்" என்று இருக்கிறது. செவ்வாய் தசை மொத்தமே 7 வருஷம், சித்திரை தொடங்கும்போதே பிறந்தால் அது முழுசும் இருப்பு இருக்கும். அப்படியென்றால் சித்திரை தொடங்கி அரைமணி நேரம்போலத்தான் ஆகியிருக்கிறது, அவள் பிறக்கும்போது. அதுவும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் கணித்தது. திருக்கணிதத்தில் நட்சத்திரம் மாறும் நேரம் சில நாள் மணிக்கணக்கில்கூட வித்தியாசப்படும். அந்த நேரத்தில் முந்தின நட்சத்திரமான அஸ்தம் முடியாமல் இருந்திருந்தால் அவள் அஸ்தம். ராசி அதே கன்னிதான். ஆனால் அஸ்தம் கண்ட ரஜ்ஜு, தேவ கணம், மிருகசீரிடத்தோடு வேதையும் இல்லை. தடை என்று சொன்ன மூன்றுமே போய்விடும்.

பிடித்த பதிலைத் தேடவில்லை, கண்ணா. கணக்கையே சரிபார்க்கச் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாயவரத்தில் திருக்கணிதம் பார்ப்பவரிடம் போகிறோம். முதலில் சொன்ன பதிலை அவரிடம் சொல்லப் போவதில்லை. பிறந்த தேதி, ஊர், நேரம் மட்டும் கொடுப்போம். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த நேரத்தைப் பெண்ணின் அம்மாவிடம் நானே கேட்டு வாங்குகிறேன்.

அவரும் சித்திரைதான் என்றால்? அப்போது நீ ஊருக்கு வா, மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். உன்னைக் கேட்காமல் வேண்டாம் என்று சொல்லியனுப்ப மாட்டோம். அப்பாவிடம் இதற்குச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. அன்று காபி கொடுத்துவிட்டு உள்ளே போனவள், பாட்டி தட்டுத் தடுமாறி எழுந்ததைப் பார்த்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை அது. அரைமணி நேரக் கணக்கில் அவளை விட்டுவிட எனக்கு மனசில்லை.

ஞாயிறு வரைக்கும் அவளிடம் பொருத்தம் பற்றி எதுவும் பேசாதே. சாயங்காலம் திரும்பியதும் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா