வீட்டுப் பார்வைக் குறிப்பு – 24 வார கர்ப்பிணி, ரத்தசோகை

தேதி: 16.10.2025, வியாழன், காலை 11 மணி
இடம்: பென்னாகரம் வட்டாரம், தர்மபுரி மாவட்டம்
தாய்: கவிதா, 23 வயது, இரண்டாவது கர்ப்பம். மூத்தவனுக்கு 19 மாதம், இன்னும் ராத்திரியில் தாய்ப்பால் குடிக்கிறான். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் மாமியாரும் கவிதாவும் குழந்தையும்தான்.

பார்க்கப் போன காரணம்: பதிவின்போது ஹீமோகுளோபின் 9.8 இருந்தது, 7-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பரிசோதனையில் 8.6-க்கு இறங்கியிருக்கிறது. மருத்துவர் அன்றே இரும்புச்சத்து மாத்திரையை தினம் இரண்டாக்கி 30 மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

பார்த்தது: கீழ் இமை நன்றாக வெளுத்திருக்கிறது, நகமும் உள்ளங்கையும் அப்படித்தான். ரத்த அழுத்தம் 104/66, நாடி 92, எடை 46.5 கிலோ (போன மாதம் 45.3). காலில் வீக்கம் இல்லை. கர்ப்பப்பை தொப்புள் அளவுக்கு வந்திருக்கிறது, குழந்தையின் இதயத்துடிப்பு 144, துடிப்பு நன்றாகத் தெரிகிறது என்கிறார். உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கவில்லை. குடத்தோடு மேட்டில் ஏறினால் வாங்குகிறதாம், தலையும் சுற்றுகிறதாம்.

மாத்திரையைக் கொண்டு வரச் சொன்னேன். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார்: ஒரு அட்டை பிரிக்கவே இல்லை, இன்னொன்றில் 7 பாக்கி, ஆக 22. இன்று காலைவரை 18 போயிருக்க வேண்டும், போனது 8. ரத்தம் ஏறவில்லையே என்று வேறு காரணம் தேடும் முன் மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும், இங்கே போகவில்லை. காலையில் வெறும் வயிற்றில் டீயோடு போட்டிருக்கிறார், குமட்டியிருக்கிறது, மலம் கறுப்பாகப் போனதும் பயந்துவிட்டார். "மாத்திரை போட்டா புள்ள பெருசாயிடும், அப்புறம் ஆபரேசன்தான் நர்சம்மா" என்று மாமியார் வேறு. போட்ட எட்டிலும் சில தடவை கால்சியத்தோடு சேர்த்து விழுங்கியிருக்கிறார்.

சொன்னது: மலம் கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால்தான், பயப்பட வேண்டாம். குழந்தை பெருசாகாது, ரத்தம் இல்லாமல் பிரசவத்துக்குப் போனால்தான் ஆபத்து, சாதாரண ரத்தப்போக்கையே உடம்பு தாங்காது என்று மாமியாரிடம் நேராகச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் "சரி, நானே எடுத்துக் குடுக்கறேன்" என்றார். அவர் பொறுப்பில் விட்டதுதான் இன்றைக்கு நடந்த நல்ல விஷயம்.

நேரம் இப்படிப் பிரித்து அட்டையின் மேலேயே எழுதிக் கொடுத்தேன்: கால்சியம் காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மதியச் சாப்பாட்டோடு ஒன்று. இரும்பு மாத்திரை காலை 11 மணிக்கு ஒன்று, ராத்திரி படுக்கும் முன் ஒன்று, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில். டீ, பால் அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் கூடாது. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், நிறுத்தக் கூடாது.

குடற்புழு மாத்திரை இதுவரை போடவில்லை. அல்பெண்டசோல் 400 மி.கி. என் எதிரிலேயே மென்று சாப்பிட்டார். கொல்லைப்பக்கம் செருப்பில்லாமல் போகிறார், கொக்கிப்புழு அங்கிருந்துதான் ஏறும், அதையும் சொன்னேன்.

சாப்பாடு: களியும் கீரையும் வீட்டில் நடக்கிறது, நல்லது. பின்னால் முருங்கை மரமே நிற்கிறது, அதைவிட்டு கடையில் பாட்டில் சத்து மாவு வாங்குகிறார்கள்! முருங்கைக்கீரை வாரம் மூன்று நாளாவது, தினம் ஒரு முட்டை, முடிந்தபோது சுவரொட்டியோ ஈரலோ, கொய்யாவோ நெல்லிக்காயோ கூட. பெட்டகத்தில் வந்த பேரீச்சம்பழம் பெரியவன் தின்று தீர்த்துவிட்டான். தண்ணீர்க் குடம் இனி மாமியார் எடுப்பார்.

படுத்தாலும் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பு, ரத்தப்போக்கு, முகம் வீங்குவது, கடுமையான தலைவலி, குழந்தைத் துடிப்பு குறைவது, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் 108. ரத்த வகை பி பாசிட்டிவ். ரத்தம் கொடுக்க இரண்டு பேரை இப்போதே பேசி வைக்கச் சொன்னேன்.

அடுத்தது: 23.10.2025 வியாழன் மதியம் மறுபடி வீட்டுக்கு. தீபாவளிக்கு வரும் கணவர் 24 வரை இருப்பார், அவரிடமும் பேச வேண்டும். இன்று 11 மணி மாத்திரையை விட்டாயிற்று, ராத்திரி முதல் ஒழுங்காகப் போட்டால் அன்று 8 மிச்சம் இருக்க வேண்டும். அப்போது அடுத்த அட்டைகள் கொடுக்கணும். 11.11.2025 செவ்வாய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின். ஒழுங்காகப் போட்டும் 1 கிராமாவது ஏறவில்லை என்றால் ஊசி வழி இரும்புச்சத்து பற்றி மருத்துவர் முடிவு செய்யட்டும். 7-க்குக் கீழே போனால் அன்றே மேல் மருத்துவமனைக்கு.